முப்பத்தெட்டு ரூபாய் மோசடி

எங்கள் அலுவலகத்தில் மோசடி செய்தவர் என்று எழுத்தில் பேர் வாங்கிய முதல் ஆள் அம்சா. பத்தொன்பது வருஷ வேலையில் ஒரு ஊசிப் பொட்டலம் கூட வீட்டுக்கு எடுத்துப் போகாதவள். மோசடித் தொகை முப்பத்தெட்டு ரூபாய். நான் சுகாசினி, அதே அலுவலகத்தில் பில் போடுகிறவள். நடந்ததை முழுக்கப் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு, அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அம்சாவுக்குச் சொந்த ஊர் திருப்புட்குழி. அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அம்சா பத்தாவதோடு நின்று, பக்கத்துத் தெருவில் ஒரு தறிக்காரர் வீட்டில் நூல் சுற்றப் போனாள். அங்கேதான் அவளுக்கு அந்தக் கண் வந்தது. சேலையில் ஒரு இழை விட்டிருந்தால் நமக்கெல்லாம் விளக்கு வேண்டும், கண்ணாடி வேண்டும். அம்சா தறி மேல் கையை ஓடவிட்டுக்கொண்டே, "இங்க பாருங்க, சாப்பாட்டுக்கு எழுந்து போய்ட்டு வந்து விட்டிருக்கீங்க" என்பாள். தறிக்காரர் சிரித்துவிட்டு ஒப்புக்கொள்வார். எங்கள் நிறுவனத்தில் அவளுக்கு அதுதான் வேலை. நிறுவனத்துக்காக வீடுகளில் நெய்கிற தறிகளைப் போய்ப் பார்ப்பது, தறியிலிருந்து சேலையை அறுத்தெடுக்கும் முன்பே குறையைக் கண்டுபிடிப்பது.

காந்தி ரோட்டில் கீழே கடை, மாடியில் அலுவலகம். காலையில் அம்சா மாடிக்கு வந்து கையெழுத்துப் போடுவாள். பிறகு தென்னேரிப் பக்கம் ஒரு நாள், வேறு ஊர் ஒரு நாள். மாதம் ஆயிரத்து ஐநூறு ரூபாய் போக்குவரத்துப் படி. பில் கேட்க மாட்டார்கள். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் இலவசம் வந்த பிறகு பஸ் செலவு போச்சு. ஆனால் நிறுத்தத்தில் இறங்கியதும் பஸ் வேலை முடிந்தது, கால் வேலை தொடங்கியது. தென்னேரியில் ஏரிக்கரை ஓரமாக இரண்டு கிலோமீட்டர். ஆட்டோ இருக்கிறது, அம்சா ஏறமாட்டாள். நடந்து மிச்சம் பிடித்த அந்த ஆயிரத்து ஐநூறுதான் மகள் திரிஷாவின் கல்லூரி பஸ் கட்டணம். திரிஷா ஏனாத்தூரில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அம்மா நடந்தால் மகள் உட்கார்ந்து போவாள் என்பதுதான் அந்த வீட்டுக் கணக்கு.

முதலாளி கலைவாணனின் மகன் விக்ரம் படித்துவிட்டு வந்தான். வந்த முதல் மாதம் எல்லோருக்கும் கழுத்தில் மாட்டும் அடையாள அட்டை கொடுத்தான். இரண்டாவது மாதம் பயணச் செலவுக் கொள்கை கொண்டுவந்தான். பதினெட்டுப் பக்கம், இங்கிலீஷில். ஆடிட்டர் சொல்லிவிட்டாராம், பில் இல்லாமல் யாருக்கும் படி கொடுக்கக்கூடாது, செலவழித்ததை மட்டும் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று. அதைத் தமிழில் எல்லோருக்கும் விளக்குகிற வேலை கணக்குப் பிரிவு தனசேகரன் சார் தலையில் விழுந்தது.

தனசேகரன் சாரைப் பற்றி ஒன்று சொன்னால் போதும். டீக்கடையில் பில் கேட்கிற மனுஷன். டீக்கடைக்காரர் ஒரு நாள் சிகரெட் அட்டையில் "டீ ஒன்று" என்று எழுதிக் கொடுத்தார். அதையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அவர் ஒரு வாரம் உட்கார்ந்து தயார் செய்தார். வெறும் விதியைப் படித்தால் யாருக்கும் புரியாது, உதாரணம் வேண்டும் என்பது அவர் எண்ணம். நல்ல எண்ணம்தான். உதாரணத்துக்கு ராமன், சோமன் என்று போட்டால் தூங்கிவிடுவார்கள் என்று எங்கள் பெயர்களையே போட்டார். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

சனிக்கிழமை மதியம் மாடியில், அலுவலகத்துக்குப் பின்னால் சேலை மடிக்கிற பெரிய ஹாலில் கூட்டம். ஜமக்காளம் விரித்து உட்கார்ந்தோம். சுவரில் புரொஜெக்டர் வெளிச்சத்தில் படம்.

"முதல்ல ஒண்ணு. வீட்டுலருந்து ஆபீஸுக்கு வர்ற செலவு யாருக்கும் கிடையாது" என்று ஆரம்பித்தார் தனசேகரன் சார். "ஆபீஸ் வேலையா வெளிய போனாத்தான். போறதுக்கு முன்னாடி மேலதிகாரி கிட்ட அனுமதி வாங்கிக்கணும். சொந்த வண்டின்னா கிலோமீட்டருக்கு நாலு ரூபா. கிளம்பும்போது ஒரு தடவ, திரும்பும்போது ஒரு தடவ மீட்டர ஃபோட்டோ எடுக்கணும். லைசென்ஸும் இன்ஷூரன்ஸும் நடப்புல இருக்கணும்."

முதல் உதாரணம் விற்பனைப் பிரிவு சரத்குமார். "சரத்குமார் கண்காட்சிக்கு பெங்களூர் போறாரு. தங்க ஆயிரத்து எண்ணூறு வரைக்கும், கம்பெனி பேர்ல ஜிஎஸ்டி பில் வேணும். சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு ஐநூறு. சரத்குமார் ராத்திரி ரெண்டு பேரா ஆயிரத்து இருநூறுக்கு பிரியாணி சாப்பிடறாரு. கம்பெனி ஐநூறுதான் தரும். மீதி அவர் பாக்கெட்டு."

சரத்குமார் எழுந்தே நின்றுவிட்டார். "சார், நான் பெங்களூரே போனதில்ல சார். ரெண்டாவது ஆளு யாரு சார்?" அவர் மனைவி கீழே கடையில்தான் வேலை பார்க்கிறாள். அன்று சாயங்காலத்துக்குள் விஷயம் கீழே இறங்கிவிட்டது. ஒரு வாரம் சரத்குமார் மதியச் சாப்பாடு கொண்டுவரவில்லை.

இரண்டாவது உதாரணம் ஜான்சன். கல்யாண ஆர்டருக்கு வாடிக்கையாளர் வீடுகளுக்குப் போகிறவர். "ஜான்சன் பஸ்ல போறாரு. ஸ்டாப்புலருந்து போற இடம் ஒரு கிலோமீட்டருக்கு மேல. அப்ப ஆட்டோ வெச்சுக்கலாம். ஆட்டோக்காரர் பில் தரமாட்டாரு. அதனால தேதி, எங்கருந்து எங்க, எதுக்கு, எவ்வளவுன்னு எழுதி கையெழுத்து போட்டா போதும். ஒரு வழிக்கு எண்பது ரூபா வரைக்கும்." மூன்றாவது உதாரணத்திலும் ஜான்சனே ஹெல்மெட் போடாமல் போலீஸில் அபராதம் கட்டினார். அபராதம், சிகரெட், மது எதற்கும் கம்பெனி பணம் தராதாம். ஜான்சன் மாதா கோயிலில் பாட்டுப் பாடுகிறவர். முகம் சுண்டிப்போய் உட்கார்ந்திருந்தார்.

நான்காவது உதாரணம் அம்சா. "அம்சா டவுன் பஸ்ல தென்னேரி போறாங்க. லேடீஸுக்கு இலவசம். கண்டக்டர் பூஜ்ய ரூபா சீட்டு குடுப்பாரு. அப்ப அம்சா எவ்வளவு கேக்கலாம்?" ஒரு நொடி நிறுத்தினார். "பூஜ்யம்!"

எல்லோரும் சிரித்தோம். நானும்தான், அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அம்சா சிரிக்கவில்லை. அந்தப் பூஜ்யத்தில் அவள் மகளின் பஸ் போய்விட்டது என்று எங்களுக்கு உறைக்கவில்லை.

"ஆனா சீட்ட தூக்கிப் போட்றாதீங்கம்மா" என்றார் சார். "பூஜ்யமா இருந்தாலும் அது பில்லு. செல்லுல ஆப்பு இருக்குது. சீட்ட ஃபோட்டோ எடுத்து, எந்தத் தறி பார்த்தீங்கன்னு எழுதி, அடுத்த மாசம் அஞ்சாந் தேதிக்குள்ள அனுப்பணும். அனுப்பலன்னா அந்த நாள் வெளிய போனதாவே கணக்குல வராது. லீவுன்னு போய்டும்."

கொள்கை சொன்னது அவ்வளவுதான். கேட்டவர்கள் புரிந்துகொண்டது வேறு. எங்கள் ஊரில் ஒருத்தர் பேரைச் சொல்லி ஒன்றைச் சொன்னால் அது அவருக்குத்தான். ஒவ்வொரு சேலையையும் யாருக்கென்று பேர் எழுதிக் கொடுத்துப் பழகியவர்கள். ஜான்சனுக்கு ஆட்டோ, சரத்குமாருக்குப் பெங்களூர், அம்சாவுக்குப் பஸ் என்று பாகம் பிரித்த மாதிரி எல்லோரும் வாங்கிக்கொண்டு போனார்கள். படியில் இறங்கும்போது அம்சா என்னிடம் சொன்னாள்: "ஜான்சன் அண்ணனுக்கு ஆட்டோ குடுத்துட்டாங்க பாத்தியா. ஆம்பளைங்களுக்குன்னா யோசிக்கவே மாட்டாங்க."

நான் திருத்தவில்லை. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அந்த மாதம் அம்சா பத்தொன்பது நாள் வெளியே போனாள். போக ஒரு சீட்டு, வர ஒரு சீட்டு, முப்பத்தெட்டு. பட்டு நூல் வரும் அட்டைப் பெட்டியில் தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்தாள். ஐந்தாம் தேதி மதியம் என் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஃபோட்டோ எடுத்துப் போட்டாள். தொகை என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டால் சிவப்பாக ஒரு வரி வந்தது. தொகை பூஜ்யத்துக்கு மேல் இருக்கவேண்டுமாம். மறுபடி போட்டாள், மறுபடி சிவப்பு. இன்றைக்கு அனுப்பாவிட்டால் பத்தொன்பது நாள் சம்பளம் போகும்.

தனசேகரன் சார் அன்று ஆடிட்டரைப் பார்க்க சென்னையில் இருந்தார். ஃபோன் போட்டாள். ஒலிபெருக்கியில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"பூஜ்யம் எடுக்க மாட்டேங்குதா? சரி, ஒவ்வொண்ணுக்கும் சும்மா ஒரு ரூபா போட்டு அனுப்பிடும்மா. நான் வந்து பார்த்துக்கறேன்."

"தப்பாயிடாதே சார்?"

"நான் சொல்றேன்ல."

முப்பத்தெட்டு ஒரு ரூபாய்கள் போயின. சார் வந்து பார்த்துக்கொள்ளவில்லை, மறந்துவிட்டார். சென்னை ஆடிட்டர் ஆபீஸ் பார்த்துக்கொண்டது. அங்கே வேலை பார்க்கும் ஒரு பிள்ளை சாம்பிளுக்குச் சில பில்களைச் சரிபார்த்திருக்கிறது. சீட்டில் பூஜ்யம், கேட்டது ஒரு ரூபாய். ஒன்றில்லை, இரண்டில்லை, முப்பத்தெட்டுத் தடவை. பில் தொகையைவிட அதிகம் கேட்பது பொய்க் கோரிக்கை என்று பதினோராம் பக்கத்தில் இருக்கிறது. முதல் தடவை என்றால் எழுத்தில் எச்சரிக்கை, அது கோப்பில் ஏறும், அந்த வருஷ ஊதிய உயர்வு நிற்கும்.

அம்சாவுக்கு விளக்கம் கேட்டு மெயில் வந்தது. அவளுக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். ஃப்ராட் என்ற சொல்லைப் படித்துவிட்டு மேலே படிக்கவில்லை.

"சுகா, இது திருட்டுன்னுதானே அர்த்தம்?" என்றாள்.

பட்டுச் சேலையைத் தனியாகத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவள் அவள். ஒரு சேலை நாற்பதாயிரம், அறுபதாயிரம். ஒரு தடவை கூட யாரும் அவளிடம் எண்ணிப் பார்த்து வாங்கியதில்லை. நானோ அவளோ சொன்னால் எடுபடாது. தனசேகரன் சார் போய் விக்ரமிடம் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். ஆனால் கொள்கையை மீறச் சொல்லிக் கொடுத்தவருக்கும் அதே பதினோராம் பக்கம்தான். இருபத்திரண்டு வருஷம் கறுப்புப் புள்ளி இல்லாத மனுஷன். இரண்டு நாள் எங்களைக் கண்டால் கணிப்பானைத் தட்டிக்கொண்டே இருந்தார். என்ன கூட்டினார் என்று அவருக்கே தெரியாது.

திங்கட்கிழமை விக்ரம் மறுபடி கூட்டம் போட்டான். முதல் மாத அனுபவத்திலிருந்து பாடம் சொல்ல வேண்டுமாம். இந்தத் தடவை யார் பேரும் வரக்கூடாது, யார் மனமும் புண்படக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். அதனால் சுவரில் இப்படி வந்தது: எது கூடாது? உதாரணம்: ஒரு பெண் களப் பணியாளர் இலவசப் பயணச்சீட்டுகளுக்கு முப்பத்தெட்டு ரூபாய் கோரினார்.

எங்கள் நிறுவனத்தில் வெளியே போகிற பெண் ஒரே ஒருத்தி. ஹாலில் இருந்த நாற்பது தலையும் அவள் பக்கம் திரும்பியது. அம்சா ஜமக்காளத்தின் ஓரத்தில் பிரிந்திருந்த நூலைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

தனசேகரன் சார் அதைப் படித்து விளக்கவேண்டும். ஆரம்பித்தார். "ஒரு பெண் களப் பணியாளர்..." நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன், சொல்லித் தொலையேன்யா என்று.

"இதுல ஒரு திருத்தம்" என்றார். "ஆப்பு பூஜ்யத்த எடுக்கல. ஒரு ரூபா போடச் சொன்னது நான்தான். அவங்க தப்பாயிடாதான்னு கேட்டாங்க. நான்தான் போடுன்னேன். பொய்க் கோரிக்கைன்னா அது என்னுது. எச்சரிக்க எனக்குக் குடுங்க தம்பி."

விக்ரம் படத்தை மாற்றப் பார்த்தான், அது மாறவில்லை. முப்பத்தெட்டு ரூபாய் சுவரிலேயே நின்றது.

"அது சரி" என்றான் கடைசியில். "ஆனா ஏன் இவ்வளவு பஸ்? தென்னேரி ஸ்டாப்புலருந்து தறி தூரமாச்சே, எப்படிப் போறீங்க?"

"நடந்துதான் சார்" என்றாள் அம்சா.

"ஆட்டோ பாலிசில இருக்குதே. க்ளெய்ம் பண்ணலாமே?"

அம்சா நிமிர்ந்தாள். "அது ஜான்சன் அண்ணனுக்கு சார். எனக்கு பஸ்ஸுன்னுதானே சொன்னீங்க."

பின்னாலிருந்து சரத்குமார், "அப்ப பெங்களூர் என்னுது மட்டும் இல்லையா? என் வீட்ல வந்து சொல்லுங்க சார்!" என்றார். எல்லோரும் சிரித்ததில் அம்சாவும் சிரித்தாள். அது உதாரணம்தான், விதி எல்லோருக்கும் பொது என்று சார் அரை மணி நேரம் விளக்கினார். அம்சாவின் கோப்பிலிருந்து மெயிலை எடுத்தார்கள். சார் கோப்பில் ஒன்று ஏறியது. அவர் அதற்கும் ஒரு நகல் வாங்கி வைத்துக்கொண்டார்.

கதை இங்கே முடிந்தால் நன்றாக இருக்கும். ஆனால் ஆயிரத்து ஐநூறு இன்னும் வரவில்லை. திரிஷா கல்லூரி பஸ்ஸை விட்டுவிட்டு, இரண்டு டவுன் பஸ் மாறிப் போய்க்கொண்டிருந்தாள். பாதி நாள் முதல் வகுப்பு போய்விடும்.

அடுத்த மாதம் அம்சா கொள்கையை அச்சுப் பிசகாமல் கடைப்பிடித்தாள். பஸ், பிறகு ஆட்டோ. போக எண்பது, வர எண்பது, இருபத்திரண்டு நாள். ஒவ்வொன்றுக்கும் தேதி, இடம், காரணம், கையெழுத்து. நடந்துவிட்டு ஆட்டோ என்று எழுதியிருக்கலாம், யார் பார்க்கப்போகிறார்கள்? நான் சொல்லியும் பார்த்தேன். "ஒரு தடவ திருடின்னு பேர் வாங்கினது போதும்பா" என்றாள். மூவாயிரத்து ஐநூற்று இருபது ரூபாய் பதினைந்தாம் தேதி அவள் கணக்குக்கு வந்தது. அதற்கு முன்பே அவள் கையிலிருந்து ஆட்டோக்காரர்களுக்குப் போய்விட்டது. நிறுவனத்துக்கு முன்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் செலவு. அம்சாவுக்கு ஒரு பைசா மிச்சமில்லை. கொள்கை மட்டும் குறையில்லாமல் நடந்தது.

விக்ரமுக்குத் தொகை கண்ணில் பட்டது. அம்சாவை மாடிக்குக் கூப்பிட்டான். தனசேகரன் சாரும், பில் புத்தகத்தோடு நானும் அங்கே இருந்தோம்.

"முன்ன நடந்துதானே போனீங்கக்கா. ஒண்ணு பண்ணலாம்" என்றான், புதிதாகக் கண்டுபிடித்த முகத்தோடு. "மாசம் ஒரே தொகையா குடுத்துடறேன். ஆயிரத்து ஐநூறு. பில்லே வேணாம்."

தனசேகரன் சார் என்னைப் பார்த்தார். நான் பில் புத்தகத்தைப் பார்த்தேன்.

"ஆயிரத்து ஐநூறு நடக்கற கூலி தம்பி, அப்ப ஆட்டோவுக்குக் கம்பெனி காசு தரும்னு எனக்குத் தெரியாது" என்றாள் அம்சா. "இப்ப ஒரு மாசம் உக்காந்து போய்ப் பார்த்துட்டேன். முட்டி நல்லா இருக்குது. நடக்கணும்னா ரெண்டாயிரத்து ஐநூறு. அப்பவும் உங்களுக்கு ஆயிரம் மிச்சம்."

தறிக்காரர்களிடம் கூலி பேசிப் பழகியவள். விக்ரம் இரண்டாயிரம் என்றான். அவள் பையை மாட்டிக்கொண்டு, "பஸ் ஸ்டாப்புக்குப் போக ஆட்டோ கீழ வெயிட்டிங்ல நிக்குது, வெயிட்டிங் சார்ஜ் பாலிசில வருமா சார்?" என்று தனசேகரன் சாரைக் கேட்டாள். விக்ரம் இரண்டாயிரத்து ஐநூறுக்கு வந்தான்.

செலவைத் திருப்பித் தருவதாக இல்லாமல் களப்படி என்று சம்பளச் சீட்டிலேயே சேர்த்துவிட்டால் பில் வேண்டாம், வருமானக் கணக்கில் வரும், அம்சாவின் வருமானத்துக்கு வரி வராது, ஆடிட்டரும் ஒன்றும் சொல்லமாட்டார் என்று தனசேகரன் சார் வழி சொன்னார். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். யாரும் கேட்கவில்லையாம். டீக்கடையில் பில் கேட்கத் தெரிந்தவருக்கு, இதைக் கேட்காமல் சொல்லத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

சார் உடனே கொள்கையைத் திறந்து புது விதி தட்டினார். பழக்கதோஷம், "உதாரணம்: அம்சா" என்று ஆரம்பித்தார்.

அம்சா பின்னால் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தாள். "சார், என் பேர எடுத்துடுங்க."

"ஏம்மா, இது நல்ல விஷயந்தானே?"

"நல்ல விஷயம்னாலும் எடுங்க. பேர் போட்டா எனக்கு மட்டுந்தான்னு நினைச்சுக்குவாங்க. எனக்கப்புறம் ஒருத்தி வருவா. அவளும் அந்த ஏரிக்கரைல நடக்கணுமே."

சார் பேரை அழித்தார். தறி பார்க்கப் போகும் யாருக்கும் என்று எழுதினார். அம்சா ஒருமுறை படித்துவிட்டு, கீழே போய் ஆட்டோவை அனுப்பிவிட்டாள். திரிஷாவுக்கு ஃபோன் போட்டு நாளையிலிருந்து கல்லூரி பஸ்ஸில் போகச் சொன்னாள். பிறகு குடையை விரித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.